வெடிக்காத ஐந்தாம் மாடி

கொட்டாஞ்சேனை ஒஸ்வால்ட் சாவு வீட்டுக்குப் போனாலும் சரி, கலியாண வீட்டுக்குப் போனாலும் சரி, முதலில் சுவரைத்தான் சுகம் விசாரிப்பார். நடுவிரலை மடக்கி மூன்று தட்டு. காதைச் சாய்த்து ஒரு கணம். அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரரின் கையைப் பிடிப்பார். ஒருமுறை பக்கத்துத் தெருவில் பிரேதப் பெட்டிக்குப் பின்னால் நின்று அவர் சுவரைத் தட்டியதைக் கண்ட ஒரு மனிசி, பெட்டிக்குள்ளிருந்துதான் சத்தம் வருகிறது என்று மயங்கி விழுந்தாள்.

இந்தப் பழக்கம் கத்தாரில் ஒட்டிக்கொண்டது. இருபத்தெட்டு வயதில் தோஹாவுக்குப் போன ஒஸ்வால்ட், பதின்மூன்று வருடம் அங்கே கட்டிடங்களுக்குச் சட்டை போட்டார். சட்டை என்பது அவருடைய சொல். கல்லுச் சுவருக்கு வெளிப்பக்கம் ரெஜிபோம் என்ற இலேசான வெள்ளை நுரைப் பலகைகளைப் பசைச் சாந்தால் ஒட்டி, குடைபோலத் தலை விரிந்த பிளாஸ்டிக் ஆணிகளால் சுவரோடு இறுக்கி, அதன்மேல் மெல்லிய சாந்து பூசி, ஈரம் காயுமுன் சாந்துக்குள் மெஷ் என்ற கண்ணாடி நார் வலையை அமுக்கி, கடைசியில் மணல்போலச் சொரசொரக்கும் நிறப்பூச்சு. வெளிவெயில் உள்ளே வராது. உள்ளே ஓடும் ஏசி கொஞ்சம் மூச்சு விடும். சரியாகச் செய்யாத சுவரை, செய்தவனே சுரண்டி எடுத்து மறுபடி செய்யவேண்டும் என்பது அங்கே சட்டம். இரண்டு சுவர்களை அப்படிச் சுரண்டிய பிறகு ஒஸ்வால்டுக்கு மூன்றாவதைச் சுரண்டவேண்டி வரவில்லை.

2019இல் அவர் ஊர் திரும்பினார். தன் தொழிலுக்குக் கொழும்பில் வேலையே இராது என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் வந்த மூன்றாம் கிழமையே வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக, ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றுக்குச் சட்டை போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டார். எங்கோ குளிர் நாட்டில் சல்லி சேர்த்துக்கொண்டு வந்த ஒருவர் கட்டிய கட்டிடம் அது. அவருடைய கம்பனியின் பெயர்ப்பலகை இன்று அங்கே இல்லை, கம்பனியும் இல்லை. மேற்குச் சுவர் முழுவதும் கடும் கபில நிறம், சொக்கலேட்போல.

ஒஸ்வால்டுக்குக் கிடைத்தது ஐந்தாம் மாடியின் வடபாதி. நான்கு நாள் வேலை செய்தார். பலகைகளுக்கிடையில் தெரிந்த இடைவெளிகளில் சாந்தை அப்பாமல், ரெஜிபோம் கீற்றுகளையே வெட்டிச் செருகினார். மேடு பள்ளத்தைத் தேய்த்து மட்டமாக்கினார். ஒரு மெஷ் துண்டு முடியும் இடத்தில் அடுத்த துண்டை நான்கு விரல் அகலத்துக்கு மேலாக ஏற்றிப் போட்டார். ஒவ்வொரு யன்னல் மூலையிலும் ஒரு சிறு துண்டை வேறாகச் சரித்து வைத்துப் பூசினார். நான்காம் நாள் பின்னேரம் சுப்பவைசர் வந்து, சுருளில் கொஞ்சமே மீந்திருந்த மெஷ்ஷைப் பார்த்துவிட்டுக் கேட்டான். அவனுக்கு எல்லோரும் சிங்களத்தில் மல்லி, தம்பி; அவன் எல்லோருக்கும் அய்யே, அண்ணன்.

“மல்லி, நீ சுவருக்குப் பூசறியா, கோட் தைக்கிறியா?”

“ஏத்திப் போடாட்டி அந்த இடத்துல நேர்கோடு மாதிரி வெடிக்கும் அய்யே.”

“வெடிக்கிற நேரம் நாங்க இங்க இருக்க மாட்டோம்.”

மறுநாள் வரவேண்டாம் என்றும் சொன்னான்; அதோடு ஒஸ்வால்டின் வேலை போனது. சுப்பவைசர் சொன்னதும் உண்மையாயிற்று. வெடித்த நேரம் அவர்கள் அங்கே இருக்கவில்லை.

பிறகு ஆறு வருடம் ஒஸ்வால்ட் ஹெந்தளையில் வீடுகளுக்கு டைல்ஸ் பதித்தார், ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் யார்டுகளுக்கு மதில் பூசினார். அந்த நான்கு நாளை மறந்தும் போனார். போன தை மாதம் சுபோதினி என்ற பெண் தொலைபேசியில் அழைத்தாள். வெள்ளவத்தையில் ஒரு குடியிருப்பின் நிருவாகக் குழுச் செயலாளராம். டைல்ஸ் கடையொன்றில் அவருடைய நம்பரைக் கொடுத்தார்களாம்.

“அண்ணை, எங்கட சுவர் தட்டினால் தொம் தொம் எண்டு கேக்குது. உள்ளுக்குக் கல்லே இல்லை எண்டு சனம் பயப்பிடுது. நீங்கள் ஒருக்கா வந்து பாப்பீங்களோ?”

“ரெஜிபோம் ஒட்டின சுவரா மிஸ்?”

“ஓம் அண்ணை. அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

போய் இறங்கியதும் ஒஸ்வால்ட் திரும்பிப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்தார். அதே கட்டிடம்.

வாசலுக்கு எதிரே நடைபாதையில், பிளாஸ்டிக் கதிரையில், தொலைநோக்கியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் நாகேந்திரம், நிருவாகக் குழுத் தலைவர், 9A வீட்டுக்காரர், நீர்ப்பாசனத்தில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மடியில் ஒரு கொப்பி. ஒவ்வொரு வெடிப்புக்கும் அதில் ஓர் இலக்கம், பிறந்த திகதி, நீளம், போகும் திசை. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு வெடிப்புகள்.

“கையால தொடாமல் பாரும்,” என்றார் நாகேந்திரம். “இருநூற்று மூண்டாம் நம்பர் போன கிழமைதான் ரெண்டு அங்குலம் வளந்தது.”

ஒஸ்வால்ட் அண்ணாந்து பார்த்தார். யன்னல் மூலைகள் எல்லாவற்றிலிருந்தும் மீசைபோலச் சரிந்து இறங்கும் வெடிப்புகள்: மூலையில் சரிவுத் துண்டு வைக்கவில்லை. மேலிருந்து கீழே நூல் பிடித்ததுபோல நேர்கோடுகள்: மெஷ்ஷை ஏற்றிப் போடாமல் ஓரத்தோடு ஓரம் முட்ட வைத்துவிட்டார்கள். சில இடங்களில் கொப்பிக் கட்டங்கள் மாதிரிப் பலகைகளின் உருவமே வெளியே தெரிந்தது. அங்கங்கே தேநீர்க் கோப்பையை வைத்து எடுத்த தடம்போல வட்டங்கள். அவை குடை ஆணிகள் இருக்கும் இடங்கள். ஒரு பாடப்புத்தகத்தை விரித்து வைத்ததுபோல இருந்தது. செய்யக்கூடாத எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு படம்.

பிறகு அவருடைய கண் ஐந்தாம் மாடியின் வடபாதிக்குப் போனது.

அங்கே ஒன்றுமில்லை. அயர்ன் பண்ணிய சட்டைபோலச் சுவர் கிடந்தது.

“அதைத்தான் நாங்களும் பாத்துக்கொண்டிருக்கிறம்,” என்றார் நாகேந்திரம் குரலைத் தாழ்த்தி. “5B. பூச்சியம். பதினேழு வீட்டில சராசரி இருபத்துநாலு வெடிப்பு. ஒரு வீட்டில மட்டும் பூச்சியம். இது இயற்கையா நடக்கிற விசயமில்லை, தம்பி.”

அந்தச் சுவரில் வேலை செய்தவன் என்று சொன்னால் நானூற்றுப் பன்னிரண்டும் தன் தலையில் விழும் என்று ஒஸ்வால்டுக்குத் தோன்றியது. “வடிவா இருக்கு சேர்,” என்று மட்டும் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாகனத் தரிப்பிடத்தில் கூட்டம் போட்டார்கள். சுபோதினி ஒஸ்வால்டை ஒரு நீல நிற வானுக்குப் பக்கத்தில் நிறுத்தி, விளக்கச் சொன்னாள்.

“கேக்குக்கு மேல ஐசிங் இருக்கில்ல, அது மாதிரின்னு வைங்க,” என்றார் ஒஸ்வால்ட். “கீழ மெது. மேல கட்டி. பின்னேரம் கடல் வெயில் அடிக்கிற நேரம் மேல் பூச்சு சூடாகி விரியும். திடீர்னு மழை பெஞ்சா குளிர்ந்து சுருங்கும். கீழ இருக்கிற ரெஜிபோம் அந்தச் சூட்டை உள்ளுக்கு விடாது, அதனால எல்லாச் சூடும் அந்த மெல்லிசு பூச்சிலயேதான் நிக்கும். ஒவ்வொரு நாளும் அது இழுபடுது. இழுவைய தாங்கிறதுக்குத்தான் உள்ளுக்கு மெஷ். மெஷ் ஒழுங்கா இல்லாட்டி, பூச்சு தானா ஒரு இடத்தைத் தேடிப் பிரியும்.”

“கொங்கிறீட்டுக்குள்ள கம்பி மாதிரி,” என்றார் நாகேந்திரம்.

“அதேதான் சேர்.”

“இழுவிசையை மெஷ் பங்கிட்டு எல்லா இடமும் பரப்பிவிடும்.”

“ஆமா சேர். சேர் என்னை விட நல்லா சொல்றீங்க.”

நாகேந்திரம் எழுந்து நின்றார். “அப்ப கணக்குச் சரி. பதினெட்டு வீட்டுக்கும் பங்கிட்டு வரவேண்டிய இழுவிசை, ஒரு வீடு வாங்க மறுக்குது. அந்த வீட்டின்ரை பங்கும் சேந்து எங்கட வீடுகளிலை வெடிக்குது.”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. எல்லோரும் 5Bயைத் திரும்பிப் பார்த்தார்கள். 5B என்பது ஸமீமா. களுபோவில ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இருபது வருடமாக இரத்தம் பரிசோதிப்பவர். காலை வேலை முடிந்து நேரே கூட்டத்துக்கு வந்திருந்தார்.

“என்னத்த சேர் செல்றீங்க?” என்றார் ஸமீமா. “என்ட ஊட்டுச் சுவர் வெடிக்கல்ல எண்டு எனக்குக் குற்றமா?”

“குற்றம் எண்டு நான் சொல்லேல்லை. விளக்கம் கேக்கிறம்.”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் ஊட்டுக்கு உள்ளுக்கு ஈக்கிறேன். சுவர் வெளிய ஈக்கிது.”

நாலாம் மாடிக்காரர் ஒருவர், 5Bக்காரர் இரகசியமாகப் பல்கனியிலிருந்து பூசியிருப்பார் என்றார். இன்னொருவர், கட்டியவர் அவருக்குச் சொந்தமாக இருக்கும் என்றார். கட்டியவர் புங்குடுதீவுச் சைவர் என்று யாரோ நினைவூட்டியபோது அந்தக் கட்சி கொஞ்சம் தளர்ந்தது. முடிவில், தமது வீடு வெடிக்காமைக்கான காரணத்தைப் பதினான்கு நாளுக்குள் எழுத்தில் தருமாறு ஸமீமாவிடம் கேட்பதென்று தீர்மானம் நிறைவேறியது. சுபோதினி தலையைக் குனிந்துகொண்டு அதை எழுதினாள்.

ஒஸ்வால்ட் நீல வானோடு ஒட்டி நின்றார். வியர்த்தது.

“கேக்காம ஒண்ணு சொல்றேன்,” என்றார் கடைசியில். “இப்படிக் கதைச்சு வேலையில்ல. சுவர வெட்டிப் பாக்கணும். ஒரு அடிக்கு ஒரு அடி. மெஷ் எங்க இருக்குன்னு கண்ணால பாத்தா எல்லாருக்கும் விளங்கும்.”

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எங்கே வெட்டுவது என்பதில் இரண்டு மணித்தியாலம் போனது. மேற்குச் சுவரில் எந்த அடியை எடுத்தாலும் அது யாரோ ஒருவருடைய படுக்கையறைக்கு வெளிப்பக்கம். தன் வீட்டில் ஓட்டை போட ஒருவருக்கும் விருப்பமில்லை. பக்கத்து வீட்டில் போட எல்லோருக்கும் விருப்பம். கடைசியில் நாகேந்திரம் சட்டப் புத்தகத்தைப் புரட்டி, பொதுச் சொத்தில் மட்டுமே வெட்டலாம் என்று தீர்ப்புச் சொன்னார். பொதுச் சொத்தாக ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரே சுவர், கீழ்த்தளத்தில் லிப்ட்டுக்குப் பக்கத்திலிருந்த உள்சுவர்.

“அது வெறும் செங்கல் சுவர் சேர்,” என்றார் ஒஸ்வால்ட். “அதுல ரெஜிபோமும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“அதனாலதான் அதில பக்கச்சார்பு இராது.”

கொட்டாஞ்சேனையிலிருந்து மறுநாள் காலையில் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, முப்பது பேர் பார்த்திருக்க, ஒஸ்வால்ட் லிப்ட் சுவரில் ஓர் அடிச் சதுரம் வெட்டினார். சிவப்புத் தூள் பறந்தது. உள்ளே செங்கல் இருந்தது. நாகேந்திரம் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு நிருவாகக் குறிப்பில் எழுதச் சொன்னார்: ‘திறந்து பார்த்ததில் மெஷ் எதுவும் காணப்படவில்லை.’

அன்று பின்னேரத்துக்குள் ஒன்பது மாடியிலும் செய்தி பரவிவிட்டது. மெஷ்ஷே போடவில்லையாம். சுவரையே ரெஜிபோமில் கட்டியிருக்கிறார்களாம். ஆறாம் மாடியில் ஒரு குடும்பம் அடுத்த இரண்டு நாளும் கட்டிலை மேற்குச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டுப் படுத்தது. 2Aக்காரர் கடல் பக்கம் சாய்ந்து நிற்கவேண்டாம் என்று தன் மாமியாருக்குச் சொன்னார். ஸமீமாவுக்கு இன்னொரு கடிதம் போனது: மெஷ் இல்லாத கட்டிடத்தில் தமது வீட்டுக்கு மட்டும் மெஷ் எப்படி வந்தது என்றும் சேர்த்து விளக்கவும்.

ஒஸ்வால்டின் மனைவி மேபல், கொட்டாஞ்சேனையில் கோவிலுக்குப் பக்கத்தில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருந்தாள். கதையைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் மெசினில் தாள் சிக்கிக்கொண்டது.

“சிரிக்காத. அந்தப் பொம்பளைக்கு என்னாலதான் கடிதம் போகுது,” என்றார் ஒஸ்வால்ட்.

“அப்போ சொல்லுங்களேன், நான்தான் செஞ்சேன்னு.”

“சொன்னா மத்த பதினேழு வீட்டுக்கும் நான்தான்னு சொல்லுவாங்க. நான் நாலு நாள்தான் மேபல் நின்னேன்.”

“நாலு நாள் ஒழுங்கா வேலை செஞ்சதுக்கு இவ்வளவு பயமா?” மேபல் தாளை இழுத்தெடுத்தாள். “களவெடுத்தவன் கூட இப்படி வியர்க்க மாட்டான்.”

தோஹாவில் பதின்மூன்று வருடம் ஒஸ்வால்ட் செய்த சுவர்கள் யாருக்கும் தெரியாது. நல்ல சுவருக்கு அதுதான் அடையாளம் என்று நினைத்திருந்தார். ஒன்றும் நடக்காமல் இருப்பது. ஒன்றும் நடக்காமல் இருந்ததற்காக விசாரணை வரும் என்று அவர் எண்ணியதில்லை.

முடிச்சை அவிழ்த்தது ஸமீமாதான். பதினான்காம் நாள் விளக்கக் கடிதத்தோடு கூட்டத்துக்கு வந்தார். அதில் ஒரே ஒரு வரி: ‘என்னுடைய சுவரை வெட்டிப் பாருங்கள், ஆனால் தலைவருடைய சுவரையும் வெட்டவேண்டும்.’

“இரத்தம் சோதிக்கிற நேரம் நோயாளிட இரத்தத்த மட்டும் பாத்தா போதாது சேர்,” என்றார் ஸமீமா. “நல்ல இரத்தம் எப்படி ஈக்கும் எண்டும் பாக்கணும். ரெண்டையும் பக்கத்துல வெச்சாத்தான் வித்தியாசம் தெரியும். நான் நல்ல இரத்தம் தாறேன். நீங்க?”

நாகேந்திரத்துக்கு மறுக்க வழியிருக்கவில்லை. வெட்டும் நேரத்தை மட்டும் ராகுகாலம் தவிர்த்துக் குறித்தார்.

கயிற்றில் தொங்கும் மேடை கொண்டுவரப்பட்டது. ஒஸ்வால்ட் ஏறினார். நாகேந்திரம் தன் படுக்கையறை யன்னலால் தலையை நீட்டிக்கொண்டிருந்தார். சுபோதினி மொட்டை மாடியிலிருந்து போனில் படம் பிடித்தாள்.

9Aயின் சுவரில் சதுரமாக வெட்டி, ஓரத்தில் சாந்துக் கரண்டியை நுழைத்து நெம்பியதும், பூச்சு ஒரே துண்டாகக் கையோடு வந்தது. அதன் முதுகில் மெஷ் தொங்கியது. சாந்து படாத, கடையில் வாங்கிய அன்றிருந்த மாதிரி வெள்ளை வெளேரென்ற மெஷ். ஒஸ்வால்ட் இரண்டு விரலால் இழுத்தார். வாழைப்பழத் தோல்போல உரிந்து வந்தது.

“பாருங்க சேர். மெஷ் இருக்கு.”

“இருக்கா!” நாகேந்திரத்தின் முகத்தில் அப்படியொரு சந்தோசம்.

“இருக்கு. ஆனா சாந்துக்குள்ள இல்ல. முதல்ல சாந்து பூசி, அதுக்குள்ள மெஷ்ஷ அமுக்கி, மேல இன்னும் கொஞ்சம் பூசணும். இவங்க வெறும் ரெஜிபோம் மேல மெஷ்ஷ விரிச்சுட்டு, அதுக்கு மேல பூசியிருக்காங்க. அது கம்பிய கொங்கிறீட்டுக்கு வெளிய வெச்சுட்டுப் போன மாதிரி. பூச்சு வெடிக்கும்போது இது பாத்துட்டு இருக்கும், பிடிக்காது.” பிறகு அவர் ஒரு வட்டத் தடத்தைச் சுரண்டிக் காட்டினார். குடை ஆணியை ஓங்கி அடித்ததில் தலை ரெஜிபோமுக்குள் ஒரு விரல் ஆழம் புதைந்து, பலகையும் நொறுங்கியிருந்தது. “இந்தக் குழிய சாந்தால மூடியிருக்காங்க. சுத்திவர மெல்லிசு, இங்க மட்டும் தடிப்பு. ஒரே மாதிரிக் காயாது. அதான் வட்டம்.”

மேடை ஐந்தாம் மாடிக்கு இறங்கியது. ஸமீமா யன்னலைத் திறந்து ஒரு கிளாஸ் இஞ்சித் தேத்தண்ணியை நீட்டினார். ஒஸ்வால்ட் கிளாஸை வாங்கி மேடையில் வைத்துவிட்டுக் கிரைண்டரை எடுத்தார். தன் வேலையை அவர் ஒருநாளும் வெட்டியதில்லை.

சதுரம் வெட்டி முடிந்தும் பூச்சு வரவில்லை. நெம்பினார். கரண்டி வளைந்தது. கடைசியில் ரெஜிபோமையே ஒரு பிடி கிழித்துக்கொண்டுதான் வந்தது. வெட்டின ஓரத்தைப் பார்த்தால் சாந்து, அதற்குள் மேற்பக்கமாக மெஷ்ஷின் நார், மேலே மறுபடி சாந்து. இழுத்தால் மெஷ் அசையவில்லை. சதுரத்தின் ஒரு பக்கத்தில் மெஷ் இரட்டையாக இருந்தது, நான்கு விரல் அகலத்துக்கு.

“ஏத்திப் போட்டிருக்கு,” என்றார் ஒஸ்வால்ட், தனக்குத்தானே.

“யாரு போட்டது எண்டு தெரியுமா?” என்று கேட்டார் ஸமீமா. ஆய்வுகூடக் கண் அது. கரண்டியைப் பிடித்திருந்த அவருடைய கையையும் வெட்டின ஓரத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

“நான்தான் மிஸ்.”

ஸமீமா மேடையிலிருந்த கிளாஸைக் காட்டினார். “தேத்தண்ணியக் குடிங்க முதல்ல,” என்றார்.

கீழே இறங்கி, எல்லோர் முன்னாலும் ஒஸ்வால்ட் அதையே சொன்னார். நான்கு நாள், ஐந்தாம் மாடி வடபாதி, பிறகு மெஷ் கூடப் போகிறது என்று அனுப்பிவிட்டார்கள். வாகனத் தரிப்பிடமே வெடித்தது.

“அப்ப நீர்தான் ஆள்!” என்றார் நாகேந்திரம்.

“மத்த பதினேழும் நான் செய்யல்ல சேர்.”

“அதுதானே குற்றம்! ஏன் செய்யேல்லை? சரியாச் செய்யத் தெரிஞ்ச ஒரே ஆள் நீர். ஒரு வீட்டுக்கு மட்டும் செய்துபோட்டுப் போயிருக்கிறீர். இது பாரபட்சம்.”

2Aக்காரர் இதை ஆதரித்தார். 7Bக்காரர் நஷ்டஈடு என்ற சொல்லை முதன்முறையாகப் பாவித்தார். சரியாகச் செய்த குற்றத்துக்கு ஒருவர்மேல் வழக்குப் போடலாமா என்று சட்டத்தரணி ஒருவரிடம் கேட்பதாக ஒரு தீர்மானம் முன்மொழியப்பட்டு, வழிமொழியவும் பட்டது. சுபோதினி பேனையை மூடினாள்.

“நான் இதை எழுதமாட்டன்,” என்றாள். ஒன்றரை வருடச் செயலாளர் வாழ்க்கையில் அவள் ஒன்றை எழுதாமல் விட்டது அதுவே முதல் தடவை. “அங்கிள், அவரை வேலையால நிப்பாட்டினது மெஷ் கூடப் பாவிச்சதுக்கு. அவர் நிண்டிருந்தா எங்கட சுவரும் வெடிச்சிராது. நாங்கள் ஆரோடை கோவிக்கிறம்?”

“கோவிக்கிறதுக்கு மற்ற ஆக்கள் ஒருதரும் கிடைக்கேல்லையே, பிள்ளை,” என்றார் நாகேந்திரம். அவர் பொய் சொல்லும் மனிதரல்ல.

ஸமீமா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு ஒவ்வொருவராகத் தொற்றி, கடைசியில் நாகேந்திரத்தின் மீசை வரைக்கும் வந்தது. அடுத்த தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது: மேற்குச் சுவர் முழுவதையும் ஒஸ்வால்டே 5Bயைப்போலச் செய்து தரவேண்டும்.

ஒஸ்வால்ட் இரண்டு நிபந்தனை போட்டார். ஒன்று, பழைய பூச்சையும் மெஷ்ஷையும் முழுக்க உரித்து, ரெஜிபோமைத் தேய்த்து, புது ஆணி அடித்துத்தான் தொடங்குவார்; வெடிப்பை மட்டும் அடைத்துப் பெயின்ட் அடிக்கமாட்டார். இரண்டு, வெளிர் நிறம்.

முதலாவதை உடனே ஏற்றுக்கொண்டார்கள். நிறத்தில்தான் சிக்கல். நாகேந்திரத்துக்குக் கபிலம் பிடிக்கும்.

“5Bயும் அதே கபிலம்தானே? அது வெடிக்கேல்லை. ஆகவே நிறம் காரணமில்லை.”

“சேர், ஒருத்தன் உச்சி வெயில்ல மூட்டை தூக்கிட்டு சாகாம இருந்தான்னா, எல்லாரையும் உச்சி வெயில்ல தூக்கச் சொல்லலாமா? கருத்த நிறம் வெயில எல்லாம் குடிக்கும். பூச்சுக்கு வேலை ரெண்டு மடங்கு.”

அவர் இரண்டு ரெஜிபோம் துண்டுகளுக்குப் பூச்சுப் போட்டு, ஒன்றுக்குக் கபிலமும் மற்றதற்குப் பால்நிறமும் அடித்து, மொட்டை மாடியில் வைத்தார். பின்னேரம் மூன்று மணிக்குத் தலைவரைக் கூப்பிட்டு இரண்டிலும் கை வைக்கச் சொன்னார். பால்நிறத்தில் நாகேந்திரம் கையை வைத்துச் சாவகாசமாக நின்றார். கபிலத்தில் வைத்ததும் “ஐயோ” என்று துள்ளினார். கையை உதறிக்கொண்டே கீழே போய், கபிலத்துக்கே வாக்களித்தார். கொள்கை வேறு, கை வேறு என்றார். பதினேழுக்கு ஒன்று என்று பால்நிறம் வென்றது.

வேலை தென்மேற்கு மழைக்கு முன்னால் தொடங்கி, மழைக்கு நின்று, பிறகு ஐப்பசி வரைக்கும் போனது. ஒஸ்வால்ட் நான்கு பேரை வைத்துக்கொண்டார். அவர்கள் மெஷ் ஏற்றிப் போடும் இடத்தை நாகேந்திரம் ஒவ்வொரு யன்னலாக வந்து அடிமட்டத்தால் அளந்தார். ஒஸ்வால்டுக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாம் மாடியில் ஒரு மூலையில் சரிவுத் துண்டு வைக்க ஒருவன் மறந்ததைக் கண்டுபிடித்தவரும் நாகேந்திரம்தான். அன்றைக்கு அவர் பிறந்தநாள் கொண்டாடுவதுபோல எல்லோருக்கும் வடை வாங்கிக்கொடுத்தார். தன் வாழ்நாளில் தான் கட்டிய குளங்களைவிட அந்த மூலையைப் பற்றித்தான் அவர் கூடுதலாகப் பேசினார்.

ஸமீமாவின் வீட்டில் மட்டும் உரிக்க ஒன்றுமிருக்கவில்லை. வெட்டின சதுரத்தை, சுற்றிலும் பழைய மெஷ்ஷோடு புதியதைச் சேர்த்து, ஒஸ்வால்ட் தானே பூசி மூடினார். எல்லாம் பால்நிறமானபின், சாய்ந்த வெயிலில் உற்றுப் பார்த்தால் மேற்குச் சுவரில் தெரியும் ஒரே தடம் அந்தச் சதுரம்தான்.

“பாத்தீங்களா,” என்றார் ஸமீமா. “வெடிக்காத ஊட்டுக்குத்தான் தழும்பு.”

“மன்னிச்சுக்குங்க மிஸ். ஒருநாள் வந்து இன்னும் தேய்ச்சு விடுறேன்.”

“வேணாம், ஈக்கட்டும். கடிதம் வந்தா காட்டலாம்.”

கார்த்திகையில் நடந்த பொதுக்கூட்டத்துக்கு ஒஸ்வால்டையும் மேபலையும் அழைத்திருந்தார்கள். பாராட்டு ஏதும் தரப்போகிறார்களாக்கும் என்று மேபல் புதுச் சேலை உடுத்திக்கொண்டு வந்தாள். சுபோதினி எழுந்து, குடியிருப்பாளர் அல்லாத ஒருவரைத் தொழில்நுட்ப ஆலோசகராகக் குழுவில் சேர்க்கும் தீர்மானத்தை வாசித்தாள். கைகள் உயர்ந்தன. ஒஸ்வால்ட் வேண்டாம் என்று சொல்ல எழுந்தார்; அதை நன்றியுரை என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

“அடுத்த விசயம்,” என்றார் நாகேந்திரம், புதுக் கொப்பி ஒன்றைத் திறந்து. “மொட்டை மாடித் தண்ணித் தாங்கி. ஆலோசகரின்ரை அபிப்பிராயம் என்ன?”

“சேர், எனக்குத் தண்ணித் தாங்கி பத்தி ஒண்ணும் தெரியாது.”

“அதை வழிமொழியிறன்,” என்றார் 2Aக்காரர்.

கூட்டம் மூன்று மணித்தியாலம் நடந்தது. மேபல் இரண்டாவது மணித்தியாலத்தில் ஸமீமா கொண்டுவந்திருந்த வட்டிலப்பம் என்ற புடிங்கில் மூன்றாவது துண்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒஸ்வால்ட் தண்ணீர்த் தாங்கியின் மூடி எந்தப் பக்கம் திறக்கவேண்டும் என்பதில் கடற்கரைப் பக்கத்துக்கு வாக்களித்தார்; குழுவில் ஆறுக்கு ஐந்து என்று அது வென்றது.